செம்பனை விலையை முன்கூட்டியே பூட்டுவது எப்படி? விற்கும் தோட்டக்காரரும் வாங்கும் வணிகரும்

தெலுக் பங்லிமா காராங் - செம்பனை எண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்ற செய்தி நாள்தோறும் வருகிறது. அந்த விலை பெரும்பாலும் புர்சா மலேசியாவின் முன்பேரச் சந்தை விலைதான். திரையில் FCPO என்ற நான்கு எழுத்துகளாக அது தெரியும். இன்று கையில் இருக்கும் எண்ணெய்க்கான விலை அல்ல. சில மாதம் கழித்து ஒப்படைக்கப்படும் எண்ணெய்க்கு இன்றே பேசி முடிக்கும் விலை அது.

அந்த விலைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் விற்றால்தான் இன்னொருவர் வாங்க முடியும். விற்பவர் செம்பனை மரம் வைத்திருக்கும் தோட்டக்காரராக இருக்கலாம். வாங்குபவர் ஒரு மரம்கூட இல்லாமல், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வணிகராக இருக்கலாம். ஒருவர் விலை ஆபத்தைக் கைகழுவப் பார்க்கிறார். மற்றவர் இலாபத்தை எதிர்பார்த்து அதே ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். முதலாமவரை விலைக்காப்பு எடுப்பவர் என்றும், இரண்டாமவரை ஊக வணிகர் என்றும் சொல்லலாம்.

இந்தச் சந்தை தெலுக் பங்லிமா காராங் மக்களுக்குத் தூரத்து விஷயமல்ல. லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. FCPO ஒப்பந்தத்தின்படி எண்ணெயை ஒப்படைக்க அனுமதிக்கப்பட்ட துறைமுகக் கிடங்குத் தொட்டிகளில் ஒரு பகுதி அருகிலுள்ள போர்ட் கிள்ளானில் இருக்கிறது. பினாங்கு-பட்டர்வொர்த், ஜொகூரின் பாசிர் கூடாங் ஆகியவை மற்ற இடங்கள்.

ஒரு ஒப்பந்தம் என்பது என்ன?

ஒரு FCPO ஒப்பந்தம் 25 டன் கச்சா செம்பனை எண்ணெயைக் குறிக்கும். விலை ஒரு டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று பேசப்படும். விலை ஒரு வெள்ளி நகர்ந்தால் ஒப்பந்தத்தின் மதிப்பு 25 வெள்ளி நகரும். 100 வெள்ளி நகர்ந்தால் 2,500 வெள்ளி.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு மாதம் உண்டு. ஜூலை மாத ஒப்பந்தம் என்றால் ஜூலை 15ஆம் தேதியோடு அதன் வர்த்தகம் முடிந்துவிடும். அதுவரை அதைக் கையில் வைத்திருக்கும் விற்பனையாளர், தரம் சோதிக்கப்பட்ட எண்ணெயைத் துறைமுகத் தொட்டியில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் அதுவரை காத்திருப்பதில்லை. விற்றவர் அதே மாத ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கி கணக்கை முடித்துக்கொள்வார். வாங்கியவர் விற்றுவிட்டு வெளியேறுவார். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கை மாறும். ஆகவே தோட்டக்காரர் எண்ணெய் லாரியை போர்ட் கிள்ளானுக்கு ஓட்டிப் போக வேண்டியதில்லை. குலைகளை வழக்கம்போல ஆலைக்கே அனுப்புவார்.

குலை விலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தோட்டக்காரர் விற்பது எண்ணெய் அல்ல, பழக்குலை. குலைக்கு ஆலை தரும் விலை, அதிலிருந்து எவ்வளவு எண்ணெய் பிழிய முடியும் என்பதைப் பொறுத்தது. இதற்கு நம் நாட்டில் "ஒரு விழுக்காட்டு விலை" என்ற கணக்கு உண்டு. ஒரு விழுக்காட்டு விலை 60 வெள்ளி, எண்ணெய் கிடைக்கும் விகிதம் 20 விழுக்காடு என்றால், ஒரு டன் குலைக்கு 60 பெருக்கல் 20, அதாவது 1,200 வெள்ளி.

கச்சா எண்ணெய் டன்னுக்கு 6,000 வெள்ளி விற்கும்போது ஒரு விழுக்காட்டு விலை ஏறக்குறைய 60 வெள்ளியை ஒட்டி இருக்கும். எண்ணெய் 4,000 வெள்ளிக்கு இறங்கினால் அதுவும் 40 வெள்ளியை ஒட்டி வரும். ஆலைச் செலவைக் கழிப்பதாலும், பருப்பின் மதிப்பைச் சேர்ப்பதாலும் இது சற்று மேலே கீழே போகும். இருந்தாலும் திசை ஒன்றுதான். இந்தத் தொடர்பு இருப்பதால்தான் எண்ணெய் ஒப்பந்தத்தைக் கொண்டு குலை விலையைக் காப்பாற்ற முடிகிறது.

ஒரு கணக்கு

30 ஹெக்டர், அதாவது சுமார் 75 ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஹெக்டருக்கு ஆண்டுக்கு 17 டன் குலை என்று வைத்தால், மூன்று மாதத்தில் அவருக்கு ஏறக்குறைய 125 டன் குலை கிடைக்கும். 20 விழுக்காடு எண்ணெய் என்றால் அது 25 டன் எண்ணெய். சரியாக ஒரு ஒப்பந்தத்தின் அளவு.

இப்போது விலை 6,000 வெள்ளி. அது அவருக்குக் கட்டுப்படியாகும். உரக் கடன், கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம் நிற்கும். ஆனால் அவருடைய குலைகள் வரும் மூன்று மாதத்தில்தான் வெட்டப்படும். அதற்குள் விலை என்ன ஆகுமோ தெரியாது. எனவே ஒரு தரகர் மூலம், 6,000 வெள்ளி விலையில் ஒரு ஒப்பந்தத்தை விற்கிறார். விலை இன்னும் ஏறும் என்று நம்பும் ஒரு வணிகர் அதை வாங்குகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் தீர்வகம் நிற்கிறது. அது வாங்கியவருக்கு விற்பவராகவும், விற்றவருக்கு வாங்குபவராகவும் இருக்கும்.

விலை 4,000 வெள்ளிக்கு இறங்குகிறது என்று வைப்போம். முழுக் குலையும் அந்த விலையில் விற்றதாக எளிமைப்படுத்தினால், 125 டன்னுக்கு டன் 800 வெள்ளி வீதம் 100,000 வெள்ளி கிடைக்கும். ஒப்பந்தத்தை 4,000 வெள்ளிக்குத் திரும்ப வாங்கும்போது டன்னுக்கு 2,000 வெள்ளி வீதம் 50,000 வெள்ளி இலாபம். இரண்டையும் கூட்டினால் 150,000 வெள்ளி.

விலை 7,000 வெள்ளிக்கு ஏறினால்? குலைக்கு டன் 1,400 வெள்ளி வீதம் 175,000 வெள்ளி வரும். ஒப்பந்தத்தில் 25,000 வெள்ளி நட்டம். கூட்டிக் கழித்தால் மறுபடியும் 150,000 வெள்ளிதான்.

தரகுக் கட்டணத்தை விட்டுப் பார்த்தால், விலை எங்கே போனாலும் அவருக்கு ஒரே தொகை. விலைக்காப்பு செய்யும் வேலை இவ்வளவுதான். அது இலாபத்தைக் கூட்டித் தருவதில்லை. விலை ஏறும்போது பக்கத்துத் தோட்டக்காரர் 175,000 வெள்ளி எண்ணும்போது, இவர் 150,000 வெள்ளியோடு நிற்பார். அந்த 25,000 வெள்ளி, நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை.

எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்

வாங்கிய வணிகரின் நிலை வேறு. அவரிடம் குலை இல்லை. ஒப்பந்தத்தில் வருவதும் போவதும்தான் அவருடைய முழுக் கணக்கு.

ஒப்பந்தம் எடுக்க 150,000 வெள்ளியும் கட்ட வேண்டியதில்லை. ஒரு முன்பணம் மட்டும் தரகரிடம் வைக்க வேண்டும். இதை மார்ஜின் என்கிறார்கள். விலை ஆட்டத்துக்கு ஏற்ப சந்தை இந்தத் தொகையைக் கூட்டும், குறைக்கும். கணக்குக்காக 8,000 வெள்ளி என்று வைப்போம். 8,000 வெள்ளி போட்டவர் 150,000 வெள்ளி பெறுமான எண்ணெயின் ஏற்ற இறக்கத்தைச் சுமக்கிறார். விலை 320 வெள்ளி இறங்கினாலே அவருடைய 8,000 வெள்ளியும் போய்விடும். 6,000 வெள்ளியில் 320 என்பது ஐந்து விழுக்காட்டைச் சற்றே தாண்டிய இறக்கம்தான்.

அதனால் அனுபவமுள்ள வணிகர் விலை 4,000 வரை இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். 5,800 வெள்ளியிலேயே 5,000 வெள்ளி நட்டத்தோடு வெளியேறிவிடுவார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவார். அவரும் வெளியேறினால் மூன்றாமவர். தோட்டக்காரர் பெற்ற 50,000 வெள்ளியை ஒரே ஆள் இழந்திருக்க வேண்டியதில்லை. பல பேர் பகிர்ந்து சுமந்திருப்பார்கள்.

எதிர்ப் பக்கத்தில் எப்போதும் ஊக வணிகர்தான் இருப்பார் என்பதும் இல்லை. கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கும் ஆலைக்கு விலை ஏறுவதுதான் பயம். அது முன்கூட்டியே வாங்கி வைத்துக் காப்பு எடுக்கும். ஆனால் தோட்டக்காரர் விற்க நினைக்கும் நேரத்தில், அதே மாதத்துக்கு, அதே அளவுக்கு வாங்க ஓர் ஆலை தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்புபவர் ஊக வணிகர். அவர் இல்லாவிட்டால் தோட்டக்காரர் இன்னும் குறைந்த விலைக்கு விற்க நேரிடும், அல்லது வாங்க ஆளே கிடைக்காது.

ஊக வணிகரால் தீங்கே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கோலாலம்பூர் சரக்குச் சந்தையில் 1980 அக்டோபரில் செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் தொடங்கியது. நான்கே ஆண்டுகளுக்குள், 1984இல், சில தரகர்கள் தங்கள் கடமையைத் தீர்க்க முடியாமல் போய், சந்தையே நெருக்கடியில் விழுந்தது. அதன் பிறகு 1985இல் சரக்கு வர்த்தகத்துக்குப் புதிய சட்டம் வந்தது. தாங்க முடியாத அளவுக்குச் சிலர் சுமந்தால், அந்தச் சுமை எதிர்ப் பக்கத்தில் இருப்பவர் தலையிலும் இறங்கும் என்பதற்கு அது உள்நாட்டுப் பாடம்.

2022 காட்டியது

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரேன் போர் தொடங்கியது. கருங்கடல் வழியாக வரும் சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. உலகம் செம்பனை எண்ணெய் பக்கம் திரும்பியது. மார்ச் 9ஆம் தேதி வர்த்தகத்தின்போது புர்சாவில் விலை 7,200 வெள்ளியைத் தாண்டியது. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23ஆம் தேதி தடையை நீக்கியது. அங்கே தேங்கிக் கிடந்த எண்ணெய் வெளியே வரத் தொடங்கியதும் விலை சரிந்தது. ஜூலை நடுவில் 4,000 வெள்ளிக்குக் கீழே போனது.

உச்ச விலைக்கு அருகில் விற்று வைத்த தோட்டக்காரருக்கு அந்த ஜூலையில் காப்பு கைகொடுத்திருக்கும். ஆனால் பிப்ரவரியிலேயே, 5,500 வெள்ளி நல்ல விலை என்று ஓர் ஒப்பந்தம் விற்றவரின் கதை வேறு. விலை முதலில் ஏறியது. அவருடைய ஒப்பந்தமும் 7,000 வெள்ளியைத் தொட்டிருந்தால், டன்னுக்கு 1,500 வீதம் 37,500 வெள்ளி அவர் கணக்கிலிருந்து போயிருக்கும்.

அந்த நட்டம் குலை விலை ஏற்றத்தில் ஈடாகிவிடுமே என்று கேட்கலாம். ஈடாகும், ஆனால் நேரம் பொருந்தாது. முன்பேரச் சந்தையில் கணக்கு அன்றன்றைக்கே தீர்க்கப்படும். விலை இன்று 200 வெள்ளி ஏறினால், விற்றவர் கணக்கிலிருந்து 5,000 வெள்ளி எடுத்து வாங்கியவர் கணக்கில் போட்டுவிடுவார்கள். முன்பணம் குறைந்தால் உடனே கட்டச் சொல்லி தரகர் அழைப்பார். குலைக்கான பணமோ, குலை பழுத்து, வெட்டி, ஆலைக்குப் போய், எடை போட்ட பிறகுதான் வரும்.

காப்பு எடுத்தவர்கள் அடிவாங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கட்டப் பணமில்லாவிட்டால் தரகர் அந்த ஒப்பந்தத்தை உச்ச விலையிலேயே மூடிவிடுவார். நட்டம் உறுதியாகிவிடும். பிறகு விலை சரியும்போது கையில் காப்பும் இருக்காது. ஆகவே விற்கும் முன்பே, விலை எதிர்த்திசையில் 1,500 வெள்ளி போனால் கட்டுவதற்கு ரொக்கமோ வங்கிக் கடன் வசதியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காப்பு எப்போது சூதாட்டமாகிறது?

இரண்டாவது ஆபத்து, விற்ற அளவுக்குக் குலை வராமல் போவது. கோவிட் காலத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றாக்குறையால் பல தோட்டங்களில் குலைகள் வெட்டப்படாமல் வீணாகின. நம் தோட்டக்காரருக்கு 125 டன்னுக்குப் பதில் 90 டன் மட்டும் கிடைத்து, விலை 7,000 வெள்ளிக்கு ஏறினால் குலையில் 126,000 வெள்ளி வரும். ஒப்பந்தத்தில் 25,000 வெள்ளி போகும். மிச்சம் 101,000 வெள்ளி. 90 டன்னையும் 6,000 வெள்ளி நிலையில் விற்றிருந்தால்கூட 108,000 வெள்ளி கிடைத்திருக்கும். குலையே இல்லாத 35 டன்னுக்கு அவர் தன்னையறியாமல் ஊக வணிகராகிவிட்டார். இதனால்தான் கவனமானவர்கள் எதிர்பார்க்கும் விளைச்சல் முழுவதையும் முன்கூட்டி விற்பதில்லை. ஒரு பகுதியைத் திறந்தே விடுவார்கள்.

மூன்றாவது, ஆலையின் விலையும் சந்தை விலையும் ஒட்டிப் போகாமல் இருப்பது. எண்ணெய் 4,000 வெள்ளிக்கு இறங்கும்போது ஆலை டன் குலைக்கு 800க்குப் பதில் 750 வெள்ளி கொடுத்தால், 125 டன்னில் 6,250 வெள்ளி குறையும். இந்த இடைவெளியை எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது. ஆலைத் தொட்டி நிறைந்திருக்கும்போதும், குலையின் தரம் குறையும்போதும் இது விரியும்.

ஒருவர் காப்பு எடுக்கிறாரா, ஊகம் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. விலை 100 வெள்ளி நகர்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் 2,500 வெள்ளி மாறும். 125 டன் குலையில் டன்னுக்கு 20 வெள்ளி வீதம் அதே 2,500 வெள்ளி எதிர்த்திசையில் மாறும். கூட்டுத்தொகை அசையாவிட்டால் அது காப்பு. அசைந்தால், அசையும் அளவுக்கு அது ஊகம். விலை ஏறும்போது பொறுக்க முடியாமல் விற்றதைத் திரும்ப வாங்கி, அதோடு நில்லாமல் மேலும் ஒன்று வாங்கும் தோட்டக்காரருக்கு இறக்கத்தில் குலையிலும் நட்டம், ஒப்பந்தத்திலும் நட்டம்.

பத்து ஏக்கர்காரர் என்ன செய்வது?

பத்து ஏக்கர் என்பது 4 ஹெக்டர். மேலே சொன்ன விளைச்சல் கணக்குப்படி ஆண்டு முழுவதும் 68 டன் குலை, அதில் 14 டன்னுக்கும் குறைவான எண்ணெய். ஒரு ஒப்பந்தத்துக்குத் தேவையான 25 டன்னை எட்ட அவருக்கு இரண்டு ஆண்டு ஆகும். அவர் ஓர் ஒப்பந்தம் விற்றால் அதில் பெரும்பகுதி ஊகமாகவே இருக்கும். ஆகவே இந்தச் சந்தை நேரடியாக அவருக்குப் பொருந்தாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்தோ, கூட்டுறவுச் சங்கம் மூலமாகவோ செய்தால் அளவு பொருந்தும். ஆனால் விலை ஏறும்போது தரகர் கேட்கும் பணத்தை யார் யார் எவ்வளவு போடுவது என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், முதல் ஏற்றத்திலேயே மனக்கசப்பு வந்துவிடும்.

நேரடியாக இறங்காவிட்டாலும் அந்த விலையைப் பார்ப்பதில் அவருக்குப் பயன் உண்டு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் குலை விலையையும் FCPO விலையையும் ஒப்பிட்டால், வியாபாரி தரும் விலை நியாயமானதா என்று பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். சில மாதம் கழித்து வரும் ஒப்பந்தங்களின் விலை இப்போதைய விலையைவிட மிகவும் குறைவாக இருந்தால், சந்தை இறக்கத்தை எதிர்பார்க்கிறது என்று பொருள். 2022இல் உரம் வாங்கவும் கடன் எடுக்கவும் உச்ச விலையை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு ஜூலை கடினமாக இருந்தது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "செம்பனை எண்ணெய் முன்பேரத்தில் போடுங்கள், மாதா மாதம் நிச்சய வருமானம்" என்று யாராவது சொன்னால், மேலே உள்ள கணக்கை நினைத்துக்கொள்ளலாம். வாங்குபவரின் இலாபம் விற்பவரின் நட்டத்திலிருந்துதான் வருகிறது. அங்கே மாதா மாத நிச்சயம் என்று ஒன்று இருக்கவே முடியாது. உரிமம் பெற்ற தரகர்களின் பெயரை மலாயில் சுருஹன்ஜாயா செகுரிட்டி எனப்படும் மலேசியப் பத்திரங்கள் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பணத்தைத் தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவது நல்லது.